பூட்டனார் பெயர் சபைப் பதிவேட்டிலும் இருக்கு, சுடலைமாடன் கொடை நோட்டிலும் இருக்கு. அவரை எந்த மதம்னு எழுத?

கருப்பட்டிவிளை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திசையன்விளைக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரம். எங்க குடும்ப வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமா போடலாம்னு அண்ணன் தம்பிகள் சேர்ந்து வேலை பார்த்துக்கிட்டு இருக்கோம். அதுல ஒரு இடத்துல வந்து நிக்குது.

எங்க பூட்டனாருக்கு 1878ல ஞானஸ்நானம் ஆயிருக்கு. தாது வருஷப் பஞ்சம் முடிஞ்ச சமயம். மனைவி, பிள்ளைகளோட பேரெல்லாம் சபைப் பதிவேட்டுல தெளிவா இருக்கு. அவருக்கு ரெண்டு தம்பிமார், அவங்க வேதத்துல சேரல. இப்பப் பெரியப்பா வீட்டுப் பரண்ல இருந்து சுடலைமாடன் கோயில் கொடை வரி நோட்டு கிடைச்சிருக்கு. 1890க்குப் பிறகு உள்ள கணக்கு. அதுல தலைக்கட்டு வரி கொடுத்தவங்க வரிசையில பூட்டனார் பேரும் இருக்கு. பழைய பேரு இல்ல, ஞானஸ்நானப் பேரே இருக்கு!

சபைப் பக்கத்துச் சொந்தக்காரங்க "கொடை நோட்டைப் போடாதே, அவர் பின்வாங்கிப் போனவர் மாதிரி ஆயிரும்"ங்காங்க. பெரியப்பா மக்கள் "அவர் கடைசி வரைக்கும் நம்ம ஆளுதான், பஞ்சத்துல கஞ்சிக்காகச் சேர்ந்தது"ங்காங்க. 1881, 1891, 1901 சென்சஸ்ல அவரை என்னன்னு எழுதியிருப்பாங்க? அதைப் பார்க்க வழி உண்டா? அது கிடைச்சா இந்தச் சண்டை தீரும்.

தாமிரபரணி மைந்தன்

தம்பி, உங்க கேள்வியிலேயே வெள்ளைக்காரன் உட்கார்ந்திருக்கான். "எந்த மதம்"னு கேட்கறதே அவன் கொண்டுவந்ததுதான். 1871க்கு முன்னால நம்ம சீமையில யாரும் யாரையும் நீ எந்த மதம்னு கேட்டது கிடையாது. எல்லாரும் எல்லாச் சாமியும் கும்பிட்டாங்க. மாதா கோயில் தேருக்கும் போனாங்க, கொடைக்கும் வரி கொடுத்தாங்க, பொட்டல்புதூர் கந்தூரிக்கும் போனாங்க. மக்கள் தொகைக் கணக்குன்னு ஒரு தாளை நீட்டி இந்து, கிறிஸ்தவன், முகமதியன்னு கோடு போட்டுப் பிரிச்சான். பிரித்தாளும் சூழ்ச்சி, வேற ஒண்ணும் இல்ல. உங்க பூட்டனார் ரெண்டும்தான்னு எழுதிட்டுப் போங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார், நாசரேத்

மைந்தன் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன், மறுபாதியை ஏற்க முடியாது. அதற்கு முன் கருப்பட்டிவிளையின் கேள்விக்குப் பதில்: அந்தப் படிவங்கள் கிடைக்காது. வீடுவாரியாக எழுதிய தாள்களை அட்டவணை போட்டு முடித்ததும் அழித்துவிட்டார்கள். அச்சான அறிக்கைகளில் வட்டவாரியான மொத்த எண்ணிக்கைதான் இருக்கும். உங்கள் பூட்டனார் அதில் ஒரு எண்ணாகத்தான் இருப்பார், பெயராக இருக்க மாட்டார்.

ஆனால் அந்த எண் எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். 1901ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் வீடு வீடாகப் போய் எழுதுபவர் வெள்ளைக்காரர் அல்ல. கணக்குப்பிள்ளையோ, படித்த யாராவது ஒருவரோ வருவார். நாள் குறித்து, அந்த இரவுக்கு யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று சரிபார்ப்பார்கள். 1901ல் அது மார்ச் 1ஆம் தேதி இரவு. மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. வீட்டுக்காரர் சொல்வதை எழுத வேண்டும் என்றுதான் விதி. கிறிஸ்தவர் என்றால் எந்தப் பிரிவு என்பதையும் எழுத வேண்டும். மலைவாழ் மக்கள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாரும் இல்லை என்றால் அந்தக் குடியின் பெயரையே மதத்தின் கட்டத்தில் எழுத வேண்டும்.

இதுவரைக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. இடம் இல்லாமல் போவது அடுத்த கட்டத்தில். அந்த ஆண்டுதான் முதல் முறையாகத் துண்டுச் சீட்டு முறை வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு. படிவத்தில் உள்ளதைச் சீட்டில் பெயர்த்து எழுதி, கட்டுக் கட்டாகப் பிரித்து எண்ணினார்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக மதத்தைச் சீட்டில் எழுதவே இல்லை. ஒவ்வொரு பெரிய மதத்துக்கும் ஒரு நிறத் தாள். எந்த நிறத் தாளை எடுக்கிறாரோ அதுதான் அந்த ஆளின் மதம். பிறகு வயது, கல்வி, கல்யாணம் ஆனவர், விதவை என்று எந்த அட்டவணை போட்டாலும் அந்த நிறத்துக் கட்டுக்குள்ளேயே எண்ணுவார்கள். படிவத்தில் ஒருவர் என்னதான் சொல்லியிருந்தாலும், குமாஸ்தா கையில் இரண்டு நிறம் கலந்த தாள் கிடையாது.

இது கற்பனை அல்ல என்பதற்குக் குஜராத் சான்று. 1911ல் அங்கே ஏறக்குறைய 2 லட்சம் பேர் தங்களை முகமதிய இந்துக்கள் என்று சொன்னார்கள். பம்பாய் மாகாணக் கண்காணிப்பாளர் அவர்களில் 35,000 பேரை அப்படியே தனி வகையாகக் காட்டினார். அகில இந்திய ஆணையர் கெய்ட் அதை ஏற்கவில்லை. ஏதாவது ஒரு பக்கம் சேர்த்திருக்க வேண்டும் என்று கண்டித்தார்.

இன்னொரு செய்தி. இங்கிலாந்திலேயே ஒவ்வொரு ஆளின் மதத்தையும் கேட்கும் கேள்வி 2001 வரை அவர்களுடைய கணக்கெடுப்பில் இல்லை. நம்மிடம் 1871 முதல் கேட்டார்கள்.

மைந்தனோடு எனக்கு உள்ள வேறுபாடு இதுதான். அதற்கு முன்னால் எல்லை இல்லை என்பது தவறு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கர் ஆனபோதே யார் உள்ளே, யார் வெளியே என்பது துறைமுகம் தோறும் தெரியும். கோயில் வாசலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதற்கு வெள்ளைக்காரன் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாதி எல்லை இரும்பாக இருந்தது. உள்சாதிக்குள், ஒரே குடும்பத்துக்குள், மத எல்லைதான் இளகியிருந்தது.

ஸ்டெல்லா_சாத்தான்குளம்

சான்றிதழ் பத்தின இழைன்னு நினைச்சு வந்தேன், அண்ணாச்சிமார் மன்னிக்கணும். ஆனாலும் கேட்டுக்கிடுதேன். நான் சி.எஸ்.ஐ. என் வீட்டுக்காரர் இந்து. ரெண்டு பேரும் நாடார்தான், அவர் எனக்கு அத்தை மகன் முறை. எங்க பாட்டியோட கூடப் பிறந்தவங்க பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். எங்க கல்யாணத்தை வீட்டு முற்றத்துல தாலி கட்டி, மாமனார் வீட்டு முறையில முடிச்சாங்க. சபை ஐயர் வந்து ஜெபமும் பண்ணினாரு. இப்பப் பையனுக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்கப் போனா, "தாய் மதம் வேற, தகப்பன் மதம் வேற, திருமணப் பதிவு எங்கே"ங்காங்க. எந்தச் சட்டத்துல பதியணும்? எங்க ஊர்ல இப்படி எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கு, யாரும் கேட்டதில்ல.

பாளை வக்கீல்

ஸ்டெல்லா அம்மா, உங்கள் கேள்வி இழைக்கு வெளியே இல்லை. நேராக நடுவுக்கே வந்திருக்கிறீர்கள்.

1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவர் திருமணச் சட்டத்தில் 4ஆம் பிரிவைப் பாருங்கள். கல்யாணம் செய்பவர்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலும், அந்தச் சட்டம் சொல்கிற முறைப்படிதான் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. வீட்டு முற்றத்தில் தாலி கட்டினால் போதாது. இந்து திருமணச் சட்டமோ இருவரும் இந்துவாக இருந்தால்தான். ஆக, நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற முறை, எழுதப்பட்ட எந்தச் சட்டத்துக்குள்ளும் வராமல் நிற்கிறது. உங்களுக்கு வழி 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். ஏற்கனவே நடந்த கல்யாணத்தையும் அதில் பதியலாம். 30 நாள் அறிவிப்பு போடுவார்கள். பதிவானதும், அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கும் சட்டப்படியான அந்தஸ்து கிடைக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

இது வெறும் காகிதப் பிரச்சனை என்று யாரும் நினைக்க வேண்டாம். பெருமாள் நாடார் எதிர் பொன்னுசாமி என்று உச்ச நீதிமன்றம் 1970ல் தீர்த்த வழக்கு இருக்கிறது. 1950ல் திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியில் கல்யாணம். மாப்பிள்ளை இந்து நாடார், பெண் கிறிஸ்தவ நாடார் வீட்டுப் பெண், வழக்கமான முறையில் தாலி. பிற்காலத்தில் பிரிந்தார்கள். மகன் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டபோது, தகப்பனே எழுந்து "அவள் கிறிஸ்தவள், ஆகவே எங்கள் கல்யாணம் செல்லாது" என்று வாதாடினார். நீதிமன்றம் மகன் பக்கம் நின்றது. ஆனால் எப்படி? கலப்பு முறை செல்லும் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெண் இந்துவாகிவிட்டார், அதற்குச் சுத்திச் சடங்கு எதுவும் தேவையில்லை, மனதார எண்ணி அதன்படி நடந்தால் போதும் என்றது. பிள்ளைக்கு நியாயம் கிடைத்தது, ஆனால் அதற்குத் தாயை ஒரு பக்கம் நிறுத்த வேண்டியிருந்தது.

கருப்பட்டிவிளைக்குத் தனியாக எழுதுகிறேன். உங்கள் பூட்டனாருக்குச் சென்சஸை விட முக்கியமான சட்டம் வேறு ஒன்று இருக்கிறது.

பொட்டல்புதூர்க்காரன்

எங்க ஊர் பேரு வந்ததால ரெண்டு வார்த்தை. முகைதீன் ஆண்டவர் பள்ளிக்குக் கந்தூரிக்கு வர்றவங்கள்ல இந்துக்கள் இன்னைக்கும் உண்டு. நேர்ச்சைக் கடன் செலுத்துறாங்க, பிள்ளைக்குப் பேரு வைக்கிறாங்க. எந்தத் தாளும் அதை நிப்பாட்டல. அதனால சென்சஸ் வந்து எல்லாத்தையும் அடைச்சிட்டுன்னு சொல்றது எனக்கு ஒப்பலை.

சொத்து விஷயத்துல மட்டும் வக்கீல் அண்ணாச்சி சொல்றது சரி. எங்க சொந்தக்காரங்க காயல்பட்டினத்துல உண்டு. அங்க பொண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுக்கிறது வழக்கம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவாரு. ஊர் வழக்கம்னு இருந்தது 1937ல ஷரீஅத் சட்டம் வந்ததும் வெறும் வழக்கமா நீதிமன்றத்துல நிக்காது. முதல்ல விவசாய நிலத்தை விட்டிருந்தாங்க, 1949ல சென்னை மாகாணம் அதையும் சேர்த்துச்சு. அதனால என்ன பண்றாங்க? உயிரோட இருக்கும்போதே மகளுக்கு ஹிபாவா எழுதிக் கொடுத்துருவாங்க. வழக்கம் போகல, பத்திரமா மாறிருச்சு.

பாளை வக்கீல்

பொட்டல்புதூர்க்காரர் சொன்னது போலத்தான், கும்பிடுகிற இடத்தை விடச் சொத்து இருக்கிற இடத்தில்தான் கோடு ஆழமாக விழுந்தது. கருப்பட்டிவிளையின் வீட்டை வைத்தே பார்ப்போம்.

1850ல் ஒரு சட்டம் வந்தது. மதம் மாறினாலோ சாதியை விட்டு விலக்கப்பட்டாலோ சொத்துரிமை போகாது என்றது. அதாவது வேதத்தில் சேர்ந்தவரின் பங்கைத் தம்பிமார் பிடுங்க முடியாது. அடுத்த கேள்வி, அவர் செத்தால் அந்தப் பங்கு எந்தச் சட்டப்படி போகும்? இதற்கு 1863ல், அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஒரு பதில் சொன்னது, பெல்லாரியில் இருந்து போன ஆபிரகாம் எதிர் ஆபிரகாம் வழக்கில். மூதாதையர் தமிழ்ப் பறையர் குடும்பம், கிறிஸ்தவர்கள். அண்ணன் மாத்யூ கடையும் சாராயக் குத்தகையும் நடத்திச் சம்பாதித்தவர், 1842ல் இறந்தார். தம்பி வந்து, நாங்கள் பிரியாத குடும்பம், எனக்குப் பாதி என்றார். அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தீர்ப்பு சொன்ன விதி என்ன? மதம் மாறியவர் பழைய மதத்தோடு பழைய சட்டத்தையும் விடலாம், விரும்பினால் பழைய சட்டத்திலேயே இருந்தும் கொள்ளலாம். அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதில் வாழ்க்கைதான் சாட்சி, பெயர்ப்பலகை இல்லை.

இந்த இடைவெளி மூன்று வருஷம் கூட நிலைக்கவில்லை. 1865ல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் போட்டார்கள், 1866 ஜனவரி 1 முதல் நடப்பு. இந்து, முகமதியர், பௌத்தர் இவர்களுக்கு இது பொருந்தாது என்றது. கிறிஸ்தவர் அந்த விலக்கில் இல்லை. ஆக, அதற்குப் பிறகு இறந்த கிறிஸ்தவருக்கு உயில் இல்லை என்றால் இந்தச் சட்டம்தான். அவர் எப்படி வாழ்ந்தார், யாரோடு பந்தியில் உட்கார்ந்தார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. அவர் கிறிஸ்தவரா இல்லையா என்ற ஒரே கேள்வி முன்னுக்கு வந்தது.

இப்போது கணக்கு. மூன்று சகோதரர்களுக்கும் பொதுவில் 9 ஏக்கர் விளை என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் குடும்பத்தோடு வேதத்தில் சேர்ந்ததும் கூட்டுக் குடும்பத்தில் இருந்து சட்டப்படி பிரிந்தவர் ஆகிறார். அவர் பங்கு 3 ஏக்கர். மனைவியும் இரண்டு மகள்களும் மட்டும் இருக்க அவர் இறக்கிறார். அவர் இந்து, குடும்பம் பிரியவில்லை என்றால் அந்த 3 ஏக்கரும் தம்பிமாருக்குப் போகும். விதவைக்குச் சோறும் துணியும், மகள்களுக்குக் கல்யாணச் செலவும் கொடுத்தால் போதும். அவர் கிறிஸ்தவர் என்றால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1 ஏக்கர். மீதி 2 ஏக்கரை மகள்கள் ஆளுக்கு ஒன்றாகப் பிரிப்பார்கள். தம்பிமாருக்கு ஒரு சென்ட் கிடையாது. ஒரு மகன் இருந்திருந்தால்? இந்து முறையில் 3 ஏக்கரும் மகனுக்கு. 1865 சட்டத்தில் அந்த 2 ஏக்கர் மகன், மகள் பேதமில்லாமல் மூன்றாகப் பிரியும்.

ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை சபைக்கும், கொடைக்கு மாடன் கோயிலுக்கும் போவது ஊருக்குத் தொந்தரவே இல்லை. அவர் செத்த மறுநாள் மருமகன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், தம்பி கொடை நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். உங்கள் வீட்டில் இரண்டு தாளும் பத்திரமாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அந்தக் கொடை நோட்டு ஏன் பரணில் இருந்தது? வழக்கமாக அது கோயில் பெட்டியில்தானே இருக்கும்? வீட்டில் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டனாருக்கு ஆண் பிள்ளை உண்டா?

தாமிரபரணி மைந்தன்

வக்கீல் சார் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். திட்டம் போட்டுத்தான் செஞ்சிருக்கான். வாத்தியார் கெய்ட் பேரைச் சொன்னாரே, அதே கெய்ட் 1910ல ஒரு சுற்றறிக்கை விட்டான். பிராமணர் மேலாண்மையை ஏற்காதவங்க, கோயிலுக்குள்ள விடப்படாதவங்க, பிணத்தைப் புதைக்கிறவங்க, மாட்டுக்கறி சாப்பிடறவங்க, இவங்களையெல்லாம் தனியாக் கணக்கெடுன்னு. நம்ம சீமையில அப்படிப் பார்த்தா பாதிப் பேர் இந்துவே இல்லைன்னு ஆயிருக்கும். இது சூழ்ச்சி இல்லாம என்ன?

ஓய்வுபெற்ற வாத்தியார், நாசரேத்

அந்தச் சுற்றறிக்கை உண்மை. 1906ல் முஸ்லிம் தூதுக்குழு வைசிராயைச் சந்தித்தபோது தாழ்த்தப்பட்டோரை இந்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற வாதம் எழுந்தது, அதன் தொடர்ச்சி அது. பெரிய எதிர்ப்பு வந்தது. கடைசியில் அவர்களை இந்துக்களாகவே எண்ணினார்கள். ஆனால் சூழ்ச்சி என்ற ஒரே சொல்லால் இதை மூடிவிட்டால், நம் ஆட்கள் இதில் என்ன செய்தார்கள் என்பது மறைந்துவிடும். அதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1897ல் கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். மதுரையில் தொடங்கி பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. நுழையாமல் இருப்பதுதான் வழக்கம், வழக்கத்தைக் காப்போம் என்றது நீதிமன்றம்.

இனி நம் வடக்கன்குளம். 1872ல் கட்டிய திருக்குடும்பக் கோயில். வெள்ளாளக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், நாடார் கிறிஸ்தவர் ஒரு பக்கம், நடுவில் சுவர், பீடத்தில் இருந்து இரண்டு கால் போலப் பிரிந்து வரும் அமைப்பு. 1910ல் குருமார்கள் சுவரை இடித்தார்கள். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. எங்கள் வழக்கம், எங்கள் உரிமை என்று அதே வாதம். கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் தள்ளிவிட்டன. கிறிஸ்தவர் ஆன பிறகு கோயிலுக்குள் சாதிப் பங்கு கேட்க முடியாது, கோயில் ஆயரின் பொறுப்பு என்றார்கள்.

ஒரே காலம், ஒரே மாகாணத்து நீதிமன்றங்கள், நாடார்களை ஒதுக்கும் ஒரே மாதிரி வழக்கம். தீர்ப்பு நேர் எதிர். ஏனென்றால் முதலில் கேட்ட கேள்வி, நீ இந்துவா, கிறிஸ்தவனா என்பது. அதற்கு வரும் பதிலைப் பொறுத்து எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்று முடிவாகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்கள் முட்டாள்கள் அல்ல. கழுகுமலையில் தேர் வீதியில் ஊர்வல உரிமை மறுக்கப்பட்ட நாடார்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கர் ஆனார்கள். 1895 பங்குனித் தேரோட்டத்தில் உயிர்ப்பலியோடு கலவரம் ஆனது. அவர்கள் மனதில் இருந்த பக்தியை நான் அளக்க மாட்டேன். ஆனால் எந்தப் பெயரில் நின்றால் வீதி கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பிரகாசபுரத்துச் சட்டாம்பிள்ளையையும் சொல்ல வேண்டும். கால்டுவெல் 1849ல் எழுதிய நூலில் தன் மக்களை இழிவுபடுத்தியதாகக் கொதித்து, 1857ல் மிஷனை விட்டுப் பிரிந்து, இயேசுவை வணங்கும் இந்துச் சபை என்று ஒன்றை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள், வெள்ளைக் குருமாருக்கு இடமில்லை, நம் ஊர் வழிபாட்டு முறைகளுக்கு இடம் உண்டு. இந்து என்பதையும் கிறிஸ்தவம் என்பதையும் ஒரே சபைப் பெயரில் வைக்க அவருக்கு எந்தத் தடையும் தோன்றவில்லை. அதற்குப் பின் அரை நூற்றாண்டில் வந்த நிறத் தாளில் அதற்கு இடம் இல்லை.

கருப்பட்டிவிளை

வக்கீல் அண்ணாச்சி, நீங்க கேட்டதும் பெரியப்பா மகன்கிட்டப் பேசினேன். பத்திரம் இருக்கு! பூட்டனாருக்கு ஆண் பிள்ளை ஒண்ணு சின்ன வயசுல இறந்துட்டு, மூணு மகள்கள். நாங்க ரெண்டாவது மகள் வழி. அவர் 1902ல இறந்திருக்காரு. அடுத்த வருஷமே மனைவியும் மகள்களும் சேர்ந்து தம்பிமாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒரு தொகை வாங்கிக்கிட்டு, பனை விளையில எங்களுக்குப் பாத்தியதை இல்லைன்னு. பத்திரத்துல பூட்டனார் பேருக்கு முன்னால "கிறிஸ்து மதம்"னு தெளிவா எழுதியிருக்கு. தம்பிமாருக்கு "இந்து மதம்". நடுவுல கோர்ட்டுக்குப் போனதா எதுவும் இல்ல.

பாளை வக்கீல்

இதைவிடத் தெளிவான சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. அவர் இந்து என்று தம்பிமார் நம்பியிருந்தால் அந்தப் பெண்களின் கைநாட்டே தேவையில்லை. பணம் கொடுத்து விடுதலை வாங்கினார்கள் என்றால், நீதிமன்றம் போனால் அண்ணன் கிறிஸ்தவர் என்றுதான் முடியும், விளை மகள்களுக்குப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கொடை நோட்டை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், பேரத்துக்கு ஒரு பிடி வேண்டுமே. இது என் ஊகம்தான்.

சபைக்காரச் சொந்தங்களிடம் சொல்லுங்கள், கொடை வரி என்பது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க் கூட்டம் போட்டு வாங்குவது. அதைக் கொடுத்தவர் ஊரில் ஒரு வீடாக இருக்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். மாடனைக் கும்பிட்டார் என்பதற்கு அது சாட்சி இல்லை. கும்பிடவில்லை என்பதற்கும் சாட்சி இல்லை. மூன்று தாளையும் அடுத்தடுத்து அச்சடியுங்கள்.

பொட்டல்புதூர்க்காரன்

ஒண்ணு கேட்கணும். அந்தச் சட்டம் இல்லாம இருந்திருந்தா அந்த மூணு பொண்ணுங்களுக்கும் அந்தப் பணமும் கிடைச்சிருக்காதுல்லா? அப்ப அந்தக் கோடு அவங்களுக்கு நல்லதுதானே செஞ்சிருக்கு?

ஓய்வுபெற்ற வாத்தியார், நாசரேத்

செய்திருக்கிறது, மறுக்க முடியாது. அவர்கள் சித்தப்பா வீட்டுப் பெண்கள் அதே வருஷத்தில் ஒன்றும் பெற்றிருக்க மாட்டார்கள். ஆனால் பெண்களுக்குப் பங்கு கொடுக்க மதத்தைப் பூட்ட வேண்டியதில்லை. எல்லாப் பெண்களுக்கும் கொடுத்திருக்கலாம். மதத்துக்கு ஒரு சட்டம் என்று வைத்ததால்தான் அது அந்த வீட்டு மூன்று பேரோடு நின்றது. 1871 கணக்கை விட 1865 சட்டம் அதிகம் இறுக்கியது என்று வக்கீல் சொல்வதை மட்டும் நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. நிலம் இல்லாத பனையேறிக்கு வாரிசுச் சட்டம் எங்கே தொட்டது? அவனைக் கணக்குப்பிள்ளையின் கட்டம்தான் தொட்டது.

கயத்தாறு பக்கம்

நிலம் இல்லாதவங்க பத்தி வாத்தியார் சொன்னதால எழுதுறேன். நாங்க தேவேந்திரர். எங்க தாத்தாவும் அவர் அண்ணனும் ஒரே வீடு. தாத்தா ஆர்.சி., அண்ணன் மாறல. உங்க நாடார் வீடுகள்ல ரெண்டு பக்கமும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான், அதனால இங்கிட்டும் அங்கிட்டும் கல்யாணம் பண்ணலாம், கொடை நோட்டை வச்சுப் புத்தகம் போடலாம். எங்களுக்கு அப்படி இல்ல. பெரிய தாத்தா பேரன் எஸ்.சி., நான் பி.சி. ரெண்டு பேரும் ஒரே தெருதான், ஒரே கிணத்துல எங்களை விடமாட்டேன்னு சொன்ன காலமும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். டீக்கடையில எனக்கு மட்டும் வேற டம்ளர் குடுக்கல. பத்திரத்துல "கிறிஸ்து மதம்"னு எழுதினது உங்களுக்கு 1903ஓட முடிஞ்சிருச்சு. எங்களுக்கு எப்ப எழுதினாங்க?

பாளை வக்கீல்

1936ல். பட்டியல் சாதிகள் ஆணை முதலில் வந்தபோதே இந்தியக் கிறிஸ்தவர் யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று எழுதிவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் என்றது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே. சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985ல் திருப்பிவிட்டார்கள்.

கயத்தாறு பக்கம்

ஆதாரம் போதாதுன்னா எங்க தெருவுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்க. எங்க அப்பா எனக்குச் சான்றிதழ்ல இந்துப் பேரு வைக்கலாம்னு ரொம்ப நாள் யோசிச்சாரு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரு பேரு, தாலுகா ஆபீசுக்கு ஒரு பேருன்னு எங்க பக்கம் நிறைய வீட்டுல உண்டு. கடைசியில அவர் ஒத்துக்கல. கருப்பட்டிவிளை, புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்க. எங்க பங்குக் கோயில் பதிவேட்டையும் எடுத்துப் பார்க்கப் போறேன், பெரிய தாத்தா பேரும் அதுல இருக்கான்னு.